மெட்டர்னிட்டி லீவ் மெயில்: தேதி, ஒப்படைப்பு, அப்புறம் அந்த ஓடிபி

மெட்டர்னிட்டி லீவ் கேட்டு வர்ற மெயில்ல பாதிக்கு மேல ரெண்டே வரிதான் இருக்கும். இந்தத் தேதில இருந்து ஆறு மாசம் லீவ் வேணும், தயவுசெஞ்சு அனுமதிங்க. அவ்வளவுதான். அனுமதியும் கிடைச்சிரும், சட்டப்படி கொடுத்துத்தான் ஆகணும். பிரச்சனை எல்லாம் அதுக்கு அப்புறம்தான். குழந்தை பிறந்து பத்தாவது நாள் பாலுக்கு அழுதுட்டு இருக்கும்போது ஆபீஸ்ல இருந்து போன் வரும், "மேடம் ஒரு ஓடிபி மட்டும் சொல்லுங்க"ன்னு. அந்த ஒரு ஓடிபி அன்னிக்கே நாலாகும், அடுத்த மாசம் இருபதாம் தேதி மறுபடியும் வரும்.

நான் கோயம்புத்தூர்ல பம்பு தயாரிக்கிற ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். போன வருஷம் எங்க டீம்ல ஒரு பொண்ணு லீவுக்கு எழுதினப்ப ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து அந்த மெயிலை வரிவரியா எழுதினோம். அவ மாசாமாசம் ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப், சம்பளம் எல்லாம் பாக்குற ஆளு, அதாவது ஒரு நாள் தள்ளிப் போனாலும் அபராதம் வர்ற வேலை. அந்த மெயில்ல என்ன எழுதினோம், ஏன் அப்படி எழுதினோம்னு அவ சம்மதத்தோட இங்க எழுதுறேன். எங்க ஆபீஸ் மெயில் எல்லாம் இங்கிலீஷ்லதான் போகும், விஷயத்தை மட்டும் தமிழ்ல சொல்றேன்.

முதல்ல தேதி. டாக்டர் சொன்ன டெலிவரி தேதி 2025 அக்டோபர் 15. சட்டப்படி மொத்தம் 26 வாரம், அதுல டெலிவரி தேதிக்கு முன்னாடி அதிகபட்சம் 8 வாரம்தான் எடுக்கலாம். (ஏற்கனவே ரெண்டு குழந்தை இருக்கிறவங்களுக்கு மொத்தமே 12 வாரம்தான்.) அந்த டெலிவரி தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் அந்தக் கம்பெனில வேலை பார்த்திருக்கணும், அவளுக்கு அது பிரச்சனையே இல்ல. 8 வாரம் பின்னாடி எண்ணினா ஆகஸ்ட் 20 வருது, அதுக்கு முன்னாடி இந்த லீவ ஆரம்பிக்க முடியாது. அவ நாலு வாரம் முன்னாடி போதும்னு சொன்னா, அப்ப செப்டம்பர் 17, புதன்கிழமை.

26 வாரம்னா 182 நாள், ஞாயித்துக்கிழமை பண்டிகை எல்லாம் சேர்த்து. இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, ஞாயித்துக்கிழமை வேலை நாள் இல்ல, அதுக்குக் காசு கிடையாதுன்னு ஒரு காலத்துல முதலாளிங்க கழிச்சுத்தான் கொடுத்தாங்க. அது ஒரு வழக்கா நம்ம கோயம்புத்தூர் லேபர் கோர்ட்ல ஆரம்பிச்சு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. எஸ்டேட்ல வேலை பார்த்த ஒரு பெண் தொழிலாளி, 1967 டிசம்பர்ல குழந்தை பிறந்துச்சு, அப்ப லீவு 12 வாரம்தான், எஸ்டேட்காரங்க 12 ஞாயித்துக்கிழமையைக் கழிச்சுட்டு 72 நாளுக்குத்தான் பணம் கொடுத்தாங்க. பத்து வருஷம் கழிச்சு 1977ல சுப்ரீம் கோர்ட் வாரம்னா ஏழு நாள்தான், ஞாயித்துக்கிழமைக்கும் சேர்த்துக் கொடுக்கணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. பி. ஷா வழக்குன்னு சட்டம் படிச்சவங்க சொல்லுவாங்க. அந்தம்மா விடாம நின்னதாலதான் இன்னிக்கு நாம 182ன்னு எண்ணுறோம்.

சரி, செப்டம்பர் 17ல இருந்து 182 நாள் எண்ணினா 2026 மார்ச் 17ல முடியுது, மார்ச் 18 புதன்கிழமை திரும்ப வேலைக்கு வரணும். அவ மொதல் டிராஃப்ட்ல "மார்ச் நடுவுல வந்துருவேன்"னு எழுதியிருந்தா, அதை எடுத்துட்டு மூணு தேதியும் போட்டோம்: லீவு ஆரம்பம், கடைசி நாள், திரும்பி வர்ற நாள். கடைசி நாளையும் வர்ற நாளையும் தனித்தனியா எழுதணும், இல்லைன்னா சம்பளக் கணக்குல ஒரு நாள் யாரோட கணக்குன்னு குழப்பம் வரும்.

இதுக்குக் கீழ ஒரு வரி சேர்த்தோம், ரொம்ப பேரு இதை எழுதுறதே இல்ல. குழந்தை டாக்டர் சொன்ன தேதில வரணும்னு ஒண்ணும் கிடையாதே. லீவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே, உதாரணமா செப்டம்பர் 3ஆம் தேதியே பிறந்துருச்சுன்னா லீவு அன்னிக்கே ஆரம்பிச்சிரும், அப்ப மார்ச் 3 கடைசி நாள், 4ஆம் தேதி திரும்ப வரணும். லீவுல இருக்கும்போது தேதி தள்ளிப் போச்சுன்னா மொத்த 26 வாரம் மாறாது, பின்னாடி கிடைக்கிற நாள்தான் குறையும். இதுக்கு மேல பிரசவத்தால உடம்புக்கு முடியாம போனா டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொடுத்து ஒரு மாசம் வரைக்கும் கூடுதலா எடுக்கலாம். மெயில்ல நாங்க எழுதினது இவ்வளவுதான்:

> "டெலிவரி முன்கூட்டியே நடந்தால் அன்றே விடுப்பு தொடங்கியதாக எடுத்துக்கொள்ளவும். திரும்பும் தேதி அதற்கேற்ப மாறும், ஒரு வாரத்துக்குள் என் வீட்டிலிருந்து மருத்துவமனைச் சான்றுடன் தகவல் வரும்."

"என் வீட்டிலிருந்து"ன்னு வேணும்னேதான் போட்டோம். அந்த வாரத்துல அவளே உக்காந்து மெயில் அடிக்கணும்னு யாரும் எதிர்பார்க்கக் கூடாது, அவ வீட்டுக்காரர் அனுப்பினா போதும்.

பணத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. லீவுக்கு முந்தின மூணு காலண்டர் மாசச் சம்பளத்தோட சராசரிதான் கணக்கு, அவளுக்கு ஜூன் ஜூலை ஆகஸ்ட். டெலிவரிக்கு முந்தின பங்கை முன்கூட்டியே கொடுக்கணும், மீதியைக் குழந்தை பிறந்த சான்று கொடுத்து 48 மணி நேரத்துல கொடுக்கணும்னு அப்ப நடைமுறைல இருந்த 1961 மகப்பேறு நலச் சட்டம் சொல்லுச்சு. நடைமுறைல ஏறக்குறைய எல்லா கம்பெனியும் மாசச் சம்பளம் மாதிரிதான் போடுறாங்க, அவளுக்கும் அது வசதியா இருந்துச்சு, அதனால "வழக்கமான சம்பளத் தேதியில் வரவு வைத்தால் போதும்"னு அவளே எழுதிக் கொடுத்தா. ஈஎஸ்ஐல இருக்கிறவங்களுக்குக் கம்பெனி கொடுக்காது, ஈஎஸ்ஐதான் கொடுக்கும், அதுக்குத் தனி விண்ணப்பம். அவ லீவுல இருக்கும்போதே, 2025 நவம்பர் 21ல, பழைய சட்டத்துக்குப் பதிலா சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துச்சு, ஆனா 26 வாரமும் 80 நாளும் அப்படியேதான் இருக்கு.

இப்ப ஒப்படைப்பு. இதுலதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கு.

அவ மொதல்ல ஒரு எக்செல் போட்டுக் கொண்டு வந்தா, நாப்பது வரி, ஒவ்வொரு வேலை, யார் பாக்கணும்னு. பாக்க அழகாத்தான் இருந்துச்சு. "அக்கா, இது போதும்ங்களா?"ன்னு கேட்டா. நான் கேட்டேன், "இதுல எந்த வேலைக்கு உன் போன் வேணும்?" யோசிச்சுட்டு, "பாதிக்குங்க அக்கா"ன்னு சொன்னா. அப்ப அந்த நாப்பது வரில இருபது வரி இன்னும் அவகிட்டயேதான் இருக்கு, எக்செல்ல பேரு மாறினதோட சரி.

அதனால வேலையை விட்டுட்டு மாசத்தோட தேதிகளை எடுத்துக்கிட்டோம். 7ஆம் தேதி டிடிஎஸ் கட்டணும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது வித்த பில்லோட கணக்கு. 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி தானா வரும், அதை வச்சு வாங்கின பில்லுக்கு எல்லாம் கிரெடிட் வந்திருக்கான்னு சரிபார்க்கணும். 15 பிஎஃப், ஈஎஸ்ஐ. 20 ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது அந்த மாச ஜிஎஸ்டியைக் கட்டித் தாக்கல் பண்ற ரிட்டர்ன். இது மாசாமாசம். இதோட அவ லீவுக்குள்ள ஒரு தடவையோ ரெண்டு தடவையோ மட்டும் வர்றதுன்னு பார்த்தா, செப்டம்பர் 30 தொழில்வரி, அக்டோபர் 31ம் ஜனவரி 31ம் டிடிஎஸ் ரிட்டர்ன், டிசம்பர் 31 வருடாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன். மாசாமாசம் வர்றதை ஜூனியர் பையன் ரெண்டு சுற்றுல கத்துக்குவான், இந்த ஒத்தை ஒத்தையா வர்றதுதான் ஆபத்து, ஏன்னா அதை அவன் பக்கத்துல இருந்து பாக்குறதுக்கு வாய்ப்பே இருக்காது. அதனால போன வருஷத்துல அந்தந்த வேலைக்கு அனுப்பின ஃபைல், கட்டின சலான், ஆடிட்டர்கிட்ட நடந்த மெயில் எல்லாத்தையும் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு ஃபோல்டர்னு போட்டு வச்சோம். விளக்கம் எழுதி வைக்கிறதை விட போன தடவை நிஜமா நடந்ததைக் காட்டுறது பத்து மடங்கு உதவும்.

செப்டம்பர் 17ங்கிற தேதியே இதுல இருந்து வந்ததுதான். 14ஆம் தேதி 2பி வரும், 15, 16 ரெண்டு நாள் அவ ஆபீஸ்ல இருக்கும்போதே ஜூனியர் அதை சரிபார்த்து 3பி டிராஃப்ட் போட்டு வச்சிட்டா 20ஆம் தேதிக்குள்ள தாக்கல் பண்ணிரலாம். அக்டோபர்ல இன்னொரு சிக்கல், 20ஆம் தேதி தீபாவளி, அந்த மாசம் போனஸ் வேலையும் இருக்கு, அவளோட டெலிவரி தேதியும் 15. அதனால மெயில்லயே "அக்டோபர் 3பி-ஐ 17ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும்"னு போட்டுட்டோம். (கடைசில அரசாங்கமே 25 வரைக்கும் நீட்டிச்சுச்சு, ஆனா ஜூலைல அது யாருக்குத் தெரியும்.)

ஆனா ஒப்படைப்பு முடியிற தேதின்னு செப்டம்பர் 16ஐ போடல, ஆகஸ்ட் 29ன்னு போட்டோம். 37 வாரம் முடிஞ்சா எப்ப வேணும்னாலும் வலி வரலாம், சில பேருக்கு அதுக்கு முன்னாடியே டாக்டர் படுக்கச் சொல்லிருவாங்க. கடைசி நாள் வரைக்கும் ஒப்படைப்பு நடக்கும்னு திட்டம் போட்டா அந்தத் திட்டம் குழந்தையை நம்பி நிக்குது. அதனால ஜூலைல அவ செய்வா, பையன் பக்கத்துல உக்காந்து பாப்பான். ஆகஸ்ட்ல அவன் செய்வான், அவ பக்கத்துல உக்காந்து பாப்பா. செப்டம்பர்ல அவன் தனியா செய்வான், அவ வேற வேலை பாப்பா, மவுஸைத் தொடக்கூடாது. ஆகஸ்ட் சுற்றுல அவன் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் எழுதி வச்சோம், அதுதான் கடைசில ஒப்படைப்புக் குறிப்பாச்சு. அவளா யோசிச்சு எழுதியிருந்தா "இந்த ஒரு சப்ளையர் மட்டும் பில்லை அடுத்த மாசம்தான் ஏத்துவான், 2பில இல்லைன்னு பயப்படாத"ங்கிற மாதிரி விஷயமெல்லாம் வந்திருக்கவே வந்திருக்காது, அவளுக்கு அதெல்லாம் பழகிப்போய் கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது அந்த ஓடிபி. ஜிஎஸ்டி போர்ட்டல்ல அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரர்னு அவ பேருதான் இருந்துச்சு, அவ நம்பருக்குத்தான் எல்லாம் வரும். இன்னொருத்தரைச் சேர்க்கிறது பெரிய வேலை இல்ல, போர்ட்டல்ல நான்-கோர் திருத்தம்னு ஒண்ணு இருக்கு, அதிகாரி ஒப்புதல் எதுவும் வேண்டாம், மேனேஜரைச் சேர்த்தோம். இ-வே பில்லுக்கு சப்-யூசர் உருவாக்கிக்கலாம். பேங்க்தான் இழுத்தடிக்கும், பணம் அனுப்புற யூசரை மாத்த கம்பெனி தீர்மானம், கடிதம், கையெழுத்து மாதிரி எல்லாம் கேப்பாங்க, அதனால அதைத்தான் எல்லாத்துக்கும் முன்னாடி, ஜூலை முதல் வாரமே ஆரம்பிக்கச் சொன்னோம். மெயில்லயும் அந்த வரிதான் முதல்ல: பேங்க் யூசர் மாற்றம், பொறுப்பு மேனேஜர், ஜூலை 31க்குள்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பத்தி எனக்கு உறுதியான கருத்து இருக்கு. நிறைய ஆபீஸ்ல லீவுக்குப் போறவங்க யூஎஸ்பி டோக்கனை டிராயர்ல வச்சுட்டு பின் நம்பரை ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்துட்டுப் போயிருவாங்க, நம்பிக்கைதானேன்னு. அது உங்க கையெழுத்து. நீங்க ஆஸ்பத்திரில இருக்கும்போது உங்க பேர்ல ஒரு ரிட்டர்ன் தாக்கலாகி அதுல தப்பு இருந்தா பதில் சொல்ல வேண்டியது நீங்க. டோக்கனைக் கூடவே எடுத்துட்டுப் போங்க, வேற ஒருத்தர் பேர்ல புதுசு வாங்கச் சொல்லுங்க, கம்பெனிக்கு அது பெரிய செலவு இல்ல.

எல்லாம் மாத்தியாச்சுன்னு எப்படித் தெரியும்? செப்டம்பர் முதல் ரெண்டு வாரம் அவ போனுக்கு ஆபீஸ் சம்பந்தமா எந்த ஓடிபி வந்தாலும் அதைச் சொல்லாம குறிச்சு வைக்கச் சொன்னேன். வர்ற ஒவ்வொண்ணும் இன்னும் முடியாத ஒப்படைப்பு. ஃபேக்டரி ஈபி பில் லாகின் அவ நம்பர்ல இருந்தது அப்பதான் தெரிஞ்சுச்சு, எந்த லிஸ்ட்லயும் அது இல்ல. தொழில்வரிக்குப் பதிவு பண்ணின நம்பரும் அவளோடதுதான். அவ ஆபீஸ்ல இருக்கும்போதே வெளிய வந்ததால அஞ்சு நிமிஷத்துல மாத்தியாச்சு.

கடைசியா, எப்ப எப்படித் தொடர்பு கொள்ளலாம்ங்கிறது. அவ மொதல்ல எழுதினது, "அவசரம்னா எப்ப வேணும்னாலும் கூப்பிடலாம்". நல்ல மனசுல எழுதினதுதான், இந்தப் பொண்ணுங்க எல்லாருமே அப்படித்தான் எழுதுவாங்க, லீவு கேக்குறதே ஏதோ தப்பு மாதிரி ஒரு கூச்சம். ஆனா அந்த வரி ஆபத்து. அவ லீவு கேட்ட அந்த 1961 சட்டத்துல, டெலிவரிக்கு அப்புறம் 6 வாரம் ஒரு பெண்ணை வேலை வாங்கவே கூடாதுன்னு இருக்கு, அவளும் எந்த இடத்துலயும் வேலை செய்யக் கூடாது. அதோட, அனுமதிச்ச லீவு நாள்ல வேலை பார்த்தா அந்த நாட்களுக்கான பணத்தை இழக்கணும்னு இன்னொரு பிரிவும் இருக்கு. ஒரு போன்ல பதில் சொன்னதுக்கு யாரும் காசைப் பிடிக்க மாட்டாங்கதான், ஆனா "லீவுலயும் வேலை பாக்குறேன்"னு நீங்களே எழுத்துல கொடுக்கணுமா? மெயில் எழுதும்போதே மேனேஜரும் அதைப் படிக்கணும், அவரு மேலயும் ஒரு கடமை இருக்குன்னு அவருக்கும் புரியணும்.

அதனால லீவை மூணு துண்டாப் பிரிச்சு இப்படி எழுதினோம்:

> "செப்டம்பர் 17 முதல் டெலிவரி வரை: ஒரு ஃபைல் எங்கே இருக்கிறது என்பது போன்ற கேள்விக்கு மட்டும், மேனேஜர் மட்டும், வேலை நாட்களில் காலை 11 முதல் 12 வரை அழைக்கலாம். டெலிவரியிலிருந்து ஆறு வாரம் (எதிர்பார்க்கும் தேதிப்படி நவம்பர் 26 வரை): தொடர்பில் இருக்க மாட்டேன். அதன் பிறகு மார்ச் 17 வரை: என் சொந்த மெயிலுக்கு எழுதலாம், வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, தகவல் கேட்டால் பதில் அனுப்புவேன். எந்த லாகினும், ஒப்புதலும், தாக்கலும் என்னிடம் இருக்காது. லேப்டாப்பை செப்டம்பர் 16 அன்று ஒப்படைத்துவிடுவேன்."

"மேனேஜர் மட்டும்"ங்கிறது முக்கியம். ஜூனியர் பையன் நேரா கூப்பிடலாம்னு விட்டா, தேடிப் பாக்குறதுக்கு முன்னாடி கூப்பிட்டுருவான், அது மனுஷ இயல்பு. மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லி அவரு கூப்பிடணும்னா, பாதிக் கேள்விக்கு அந்த வழியிலயே பதில் கிடைச்சிரும். அதே மாதிரி ஆபீஸ் வாட்ஸாப் குரூப்ல இருந்து அவளை வெளிய எடுக்கச் சொல்லியும் மெயில்லயே எழுதினோம். குரூப்ல இருந்தா படிச்சுருவா, படிச்சா பதில் போடுவா, போட்டா அடுத்த கேள்வி வரும்.

தொடர்பைப் பத்தின இந்தப் பகுதியை இவ்வளவு தைரியமா எழுத முடிஞ்சதுக்குக் காரணம் ஒப்படைப்புப் பகுதிதான். ஓடிபி உங்க போன்ல இருக்கும்போது "தொடர்பில் இருக்க மாட்டேன்"னு எழுதினா அது வெறும் எழுத்து, இருபதாம் தேதி சாயங்காலம் நீங்களே போனை எடுத்துருவீங்க.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. தனியார் கம்பெனில பேட்டர்னிட்டி லீவுக்கு நம்ம நாட்டுல சட்டம் எதுவும் இல்ல, கம்பெனி பாலிசில என்ன இருக்கோ அதுதான், மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு. நாள் கம்மிங்கிறதால "லேப்டாப் கூடவே இருக்கும்"னு எழுதிருவாங்க. ஒரு அஞ்சு நாளோ பத்து நாளோ கிடைக்கிறதே அபூர்வம், அதுல லேப்டாப்பைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதீங்க. தேதியை மட்டும் "டெலிவரி நாளிலிருந்து"ன்னு எழுதுங்க, காலண்டர் தேதி போட்டீங்கன்னா குழந்தை வர்றதுக்கு முன்னாடியே லீவு தீர்ந்துரும்.

மெயிலோட கடைசி பத்தி திரும்பி வர்றதைப் பத்தி. மார்ச் 18ன்னா வருஷ முடிவுக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு, ஆபீஸே தலைகீழா இருக்கும், அஞ்சு மாசக் கைக்குழந்தையை விட்டுட்டு வந்த மொத நாளே எல்லாத்தையும் அவ தலைல கட்டிருவாங்க. அதனால மார்ச் மாச வேலை முழுக்க ஜூனியரே முடிப்பான், பேங்க் யூசரும் ஜிஎஸ்டி கையொப்பமும் ஏப்ரல் முதல் வாரம்தான் அவகிட்ட திரும்ப வரும், அதுவரைக்கும் அவ பழைய ஆறு மாசத்து ரிட்டர்னையும் 2பியையும் ஒத்துப் பாப்பான்னு எழுதினோம். எங்க கம்பெனில 50 பேருக்கு மேல இருக்கிறதால குழந்தைகள் காப்பகம் இருக்கணும், ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பாத்துட்டு வரலாம், குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பால் கொடுக்கத் தனியா ரெண்டு இடைவேளை உண்டு. இதையும் ஒரு வரில கேட்டு வச்சோம், ஜூலைலயே. காப்பகத்துக்கு இடம் பாக்க கம்பெனிக்கு எட்டு மாசம் கிடைச்சுச்சு, மார்ச்ல வந்து கேட்டிருந்தா "பாக்கலாம்மா"ன்னு இன்னும் பாத்துக்கிட்டே இருந்திருப்பாங்க.